ஒரு மெசேஜுக்கு நாலு காயின்

வலங்கைமான் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன உரக்கடை இருக்கிறது. கடையில் உட்காருவது அவர், கணக்குப் பார்ப்பது நான். போன மார்கழி கடைசியில், பதினொன்றாம் தேதிக்குள் ஜிஎஸ்டி போட வேண்டுமே என்று ராத்திரி உட்கார்ந்து என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக அவருடைய சொந்த சேவிங்ஸ் கணக்கை நான் பார்ப்பதில்லை. மழையில் கடை க்யூஆர் மெஷின் நனைந்து வீணாகிவிட்டதால் சில பேர் அவருடைய நம்பருக்கே பணம் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்தெடுக்கத்தான் ஸ்டேட்மென்ட் கேட்டேன். அவரும் யோசிக்காமல் அனுப்பிவிட்டார். அதில் ஒரு கம்பெனி பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 49, 99, 199, நடுநடுவே 499. புது பூச்சி மருந்து கம்பெனி போலிருக்கிறது, பில் எங்கே என்று நினைத்துக்கொண்டு, “என்னங்க, இது எந்தப் பார்ட்டி?” என்று கேட்டேன். “ரீசார்ஜ்” என்றார். ரீசார்ஜுக்கு இத்தனை தடவையா என்று நான் அடுத்துக் கேட்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. பதினாலு வருஷம் பார்த்த முகம். அது கணக்கில் தப்பு வந்தால் மாறுகிற மாற்றம் இல்லை.

அது ஒரு பேச்சு ஆப். பெயர் வேண்டாம், இந்த மாதிரி ஏகப்பட்டது இருக்கிறது. தமிழிலேயே பேசுகிற பெண்கள் அதில் வரிசையாக இருப்பார்கள். ரூபாயைக் காயினாக மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் எடுத்த பேக்கில் 199 ரூபாய்க்கு 240 காயின். ஒரு மெசேஜ் அனுப்ப நாலு காயின், குரலில் பேசினால் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. அதாவது 199 ரூபாய்க்கு அறுபது மெசேஜ், இல்லையென்றால் இருபது நிமிஷப் பேச்சு. சின்ன பேக் 49 ரூபாய்தான், அடிமாட்டு விலை. பிறகு பழகிவிடும். நான் எண்ணிப் பார்த்தேன்: 49 எட்டுத் தடவை, 99 இருபத்தொரு தடவை, 199 பத்தொன்பது, 499 பதிமூன்று. மொத்தம் 61 தடவை, 12,739 ரூபாய். ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வரைக்கும்.

பன்னிரண்டாயிரம் போய்க் குடும்பம் ஒன்றும் கவிழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கார்த்திகையில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போனது. புதுசு பதிமூவாயிரம் சொன்னார்கள். “தை அறுப்பு முடிஞ்சு பாக்கி வரட்டும், இப்ப முடியாது” என்றார். சரி என்று விட்டேன். மழைக்குக் கரண்ட் போகும்போதெல்லாம் நானும் பெண்ணும் கொசு பேட்டை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம். அவர் திண்ணையில் செல்போன் வெளிச்சத்தில் இருப்பார். கடைக் கணக்கு பார்க்கிறார் என்று நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தேதியை ஒப்பிட்டுப் பார்த்தேன், அந்த மாதிரி ஒரு ராத்திரியில் மட்டும் 499 இரண்டு தடவை போயிருக்கிறது. பணம் போனது வலிக்கவில்லை, அந்த டீ வலித்தது.

அன்றைக்கு ராத்திரி நான் செய்த முதல் தப்பு, எல்லாவற்றையும் படித்தது. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன், முடிக்கும்போது இரண்டு. பாதிக்கு மேல் குப்பைதான். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, என்ன கலர் புடவை, உன் குரல் கேட்டாத்தான் தூக்கம் வருது. காலேஜ் பையன் கூட இப்படி எழுதக் கூச்சப்படுவான். ஆனால் அதை எழுதினது யாரென்று தெரியும்போது ஒவ்வொரு வரியும் அப்படியே பதிந்துவிடுகிறது. எங்கள் பெண்ணைத் தூங்கவைக்கும்போது “தூங்கு தங்கப்புள்ள” என்பார். அதே இரண்டு சொல் அங்கேயும் இருந்தது. இன்றைக்கும் அவர் பெண்ணிடம் அதைச் சொன்னால் எனக்கு ஒரு நொடி அடைக்கிறது. அதைப் படித்திருக்கவே வேண்டாம்.

யாராவது அப்போது என்னிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்: படிக்க வேண்டாம், கேட்க வேண்டியதைக் கேள். எப்போதிலிருந்து? ஒருத்தியா, பல பேரா? சொந்த நம்பர், போட்டோ, வீடியோ கைமாறினதா? நேரில் பார்த்தார்களா? எவ்வளவு பணம், எந்தக் கணக்கிலிருந்து? என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்? இவ்வளவுக்கும் பதில் கிடைத்தால் விஷயத்தின் அளவு தெரிந்துவிடும். பதில் உண்மையா என்று பார்க்கப் பணத்தின் தடமே போதும். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் ஆப்பின் பெயர் வராது, பணம் வாங்குகிற கம்பெனியின் பெயர்தான் வரும், அதனால்தான் நான் மருந்து கம்பெனி என்று நினைத்தேன். ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அதில் Payments & subscriptions என்ற இடத்தில் Budget & history என்று இருக்கும், தேதி வாரியாக வந்துவிடும். இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். திருட்டுத்தனமாகப் பார்க்கப் போனால் நமக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

போட்டோ, வீடியோவைப் பற்றிக் கேட்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. சில இடங்களில் வீடியோவில் பேச வைத்துப் பதிவுசெய்துகொண்டு, சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தள்ளி வைத்துவிட்டு, பணம் போடாமல், வந்த மிரட்டலை அழிக்காமல் 1930-க்குப் போன் பண்ண வேண்டும். எங்கள் விஷயத்தில் அது இல்லை. முகம் காட்டவில்லை, நம்பர் கொடுக்கவில்லை. அந்த ஆப்பை விட்டு வெளியே எதுவும் போகவில்லை.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. படித்து முடித்த சூட்டில் ஆறேழு பக்கங்களை என் போனில் படம் எடுத்து, சித்தி மகளுக்கு அனுப்பினேன். எனக்கு அக்கா முறை, சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காலையில் அவள் போனை அவள் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டார். பொங்கலுக்கு அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “என்ன சகலை, ராத்திரியில தூக்கம் வருதா?” என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார். என் மாமனாருக்குப் புரியவில்லை, அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பொங்கல் பானை பொங்கும்போது எல்லோரும் கத்துகிறார்கள், நானும் கத்துகிறேன், பக்கத்தில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மனசு ஆறின பிறகும் அந்தப் படங்களை நான் திரும்ப வாங்க முடியாது. என் கோபம் தணிந்தது, அப்பாவுடையது தணியவில்லை. இன்றைக்கும் மாப்பிள்ளையிடம் அளந்துதான் பேசுகிறார். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் வாயால் சொல்லுங்கள், படத்தை அனுப்பாதீர்கள். நான் கடைசியில் பேசினது முன்பின் தெரியாத ஒருவரிடம். 14416 என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசலாம். அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் கேட்டது, தூங்கினீர்களா என்று. நாலு நாளாகத் தூங்காத ஆள் விடியற்காலையில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்றார். வேறு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இந்த நடுவில் ஒன்று செய்தேன், சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் கணக்கிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். “நான் அவர் மனைவி. எங்களுக்குப் பதிமூன்று வயதில் பெண் இருக்கிறாள்.” அனுப்பினதும் மேலே காயின் நாலு குறைந்தது. என் சண்டைக்கும் காசு! கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “அக்கா, எனக்கு இது வேலை. பேசுற நிமிஷத்துக்குத்தான் எனக்குக் காசு. கல்யாணம் ஆகலன்னு சொன்னாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.” அடுத்து, “உங்க சார் தப்பா எதுவும் பேசினதில்ல அக்கா” என்று ஒன்று. ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. எழுத வைத்திருந்த வசவெல்லாம் கையிலேயே நின்றுவிட்டது. அவள் எந்த ஊரோ, எந்த வீட்டில் யார் தூங்கின பிறகு உட்கார்ந்து இதைத் தட்டுகிறாளோ. காயின் போகிறதே என்று மூன்றாவது மெசேஜோடு நிறுத்திக்கொண்டேன்.

அவருடைய வாதமும் அதுதான். “அவ காசுக்குப் பேசுறா, நான் பொழுதுபோகாம பேசினேன். ஆள் யாருன்னே தெரியாது. பார்த்ததில்ல, தொட்டதில்ல. தப்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா துரோகம்னு சொல்லாத.” தப்பா துரோகமா என்கிற இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மாசம் சண்டை போட்டோம். அவர் தப்பு என்பார், நான் துரோகம் என்பேன். சோறு போடும்போது, வண்டியில் போகும்போது, கடை ஷட்டர் இறக்கும்போது. சொல் என்னவாக இருந்தால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். தப்பு என்றால் அவர் மன்னிப்புக் கேட்டதும் முடிந்துவிடும். துரோகம் என்றால் எனக்கு அழவும் நேரம் எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. நாங்கள் அதற்காகத்தான் இழுத்துக்கொண்டிருந்தோம் என்று பிறகுதான் புரிந்தது.

கோபத்தில் சட்டத்தையும் கேட்டுவிட்டேன். பகுதிநேரமாக நான் கணக்கெழுதும் ஆடிட்டர் ஆபீஸ் மாடியில் ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார்கள். தோழிக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன், அவர்களும் நம்பின மாதிரி பதில் சொன்னார்கள். பிறன்மனை உறவைக் குற்றமாக்கியிருந்த 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அது இருந்த காலத்திலும் இப்படி மெசேஜ் அனுப்புவது அதில் வராது, கணவன் மேல் மனைவி அதில் புகார் கொடுக்கவும் வழி இருந்ததில்லை. இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு இந்தக் காரணம் இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கு உடலுறவு நடந்திருக்க வேண்டும். வெறும் பேச்சு என்றால் மனரீதியான கொடுமை என்றுதான் வழக்குப் போட முடியும். என்ன பேசினார்கள், எவ்வளவு நாள், வீட்டில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் கோர்ட் முடிவுசெய்யும். ஒரு மெசேஜைக் காட்டி இது துரோகம் என்று அங்கே முத்திரை வாங்க முடியாது. இறங்கி வரும்போது எனக்கு ஒரு மாதிரி ஏமாற்றம்தான். யாரோ ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார் என்று நினைத்துத்தான் மாடியேறினேன் போல.

தீர்ப்பை நானேதான் யோசிக்க வேண்டியிருந்தது. எது என்னைக் குத்தியது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கொஞ்சல் வார்த்தைகள் முதல் வாரம் எரிந்தன, பிறகு எரியவில்லை. சினிமா பார்க்கும்போது கதாநாயகியை அவர் ரசிப்பதில்லையா, அதில் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளலாம் என்று மனசு சமாதானம் ஆனது. கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னது அப்படி ஆறவில்லை. அதில் நானும் என் பெண்ணும் இல்லாமல் போய்விட்டோம். இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது, அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

உரக்கடைக்காரர்களின் பிழைப்பு எப்படி என்றால், சம்பா நட்டதிலிருந்து யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து என்று பாதிப் பேர் கடனுக்குத்தான் வாங்குவார்கள். தை, மாசியில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வந்த பிறகுதான் கடைக்குத் தருவார்கள். நாங்கள் கம்பெனிக்கு முன்னாடியே கட்டிவிட வேண்டும். அந்த வருஷம் ஐப்பசி மழையில் தாழ்ந்த வயல்களில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்று, இளம்பயிர் அழுகிப்போனது. பயிர் போனால் கடனும் போனமாதிரிதான். எத்தனை லட்சம் வெளியே நிற்கிறது, எத்தனை வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் காட்டியது ஜிஎஸ்டி பில் மட்டும். கடன் நோட்டு அவர் மேஜை டிராயரில். நான் கேட்டபோதெல்லாம் “அதெல்லாம் வந்துரும்” என்பார்.

அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். ஒரு ராத்திரி, தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்து, நாலு லட்சத்துக்கு மேல் வெளியே நிற்கிறது, யாரையும் கேட்க மனசு வரவில்லை, அவர்கள் வயலைப் போய்ப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது, அடுத்த சீசனுக்குச் சரக்கு எடுக்கக் கையில் இல்லை, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மெசேஜுக்கும் நாலு காயின். அவள், “கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்று பதில் போட்டிருக்கிறாள். நான் அன்றைக்கு அதே வீட்டில், பத்தடி தூரத்தில் படுத்திருந்தேன். புடவை கலர் கேட்டதை நான் மன்னித்துவிடுவேன். அந்தப் பயம் எனக்கு வரவேண்டியது. நீர்முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற ஊர் எங்களுடையது. ஒருத்தர் முறையில் மடையை வேறு பக்கம் திருப்பிவிட்டால் வாய்க்கால் தகராறில் வெட்டுக் குத்து வரைக்கும் போகும். தண்ணீர் கொஞ்சம்தானே போச்சு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதை அவரிடம் சொன்னபோதுதான் முதல் தடவை அவர் எதிர்ப்பேச்சு பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “ஒங்கிட்ட சொன்னா நீயும் பயப்படுவே. அவளுக்கு என்ன, கேட்டுட்டுப் போயிடுவா” என்றார். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத ஆளிடம் கொட்டுவது சுலபம், நானே 14416-க்குப் பேசினேனே. ஆனால் நான் அவரை மறைத்துவிட்டுப் பேசவில்லை, அவரைப் பற்றித்தான் பேசினேன். அவர் என்னை அழித்துவிட்டுப் பேசினார். இப்படிப் பேசின பிறகு அந்தச் சொல்லிலும் ஓர் உடன்பாடு வந்தது. துரோகம்தான், சின்னத் துரோகம். பெரிதுக்குக் கொடுக்கிற தண்டனையை இதற்குக் கொடுக்கமாட்டேன், தப்பு என்று சொல்லிக் கழுவிவிடவும் மாட்டேன். அவருக்கு இதில் முழுச் சம்மதமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டினார்.

நியாயமாக என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மார்கழியில் நான் போடுகிற கோலத்தைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவேன். காலேஜில் கூடப் படித்த ஒருவர், இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், ஒவ்வொரு கோலத்துக்கும் ஏதாவது எழுதுவார். ஒரு தடவை என் படத்துக்குக் கீழே, “இன்னும் அப்படியே இருக்கே” என்று எழுதினார். நான் ஒரு சிரிப்பு போட்டேன். அவ்வளவுதான். ஆனால் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். அடுத்த தடவை அவர் இன்பாக்ஸில் எழுதினபோது, வீட்டுக்காரர் உள்ளே வருகிற சத்தம் கேட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அதில் இருந்தது “பொண்ணு என்ன படிக்கிறா?” என்கிற கேள்விதான். பிறகு ஏன் கவிழ்த்தேன்? மெசேஜில் என்ன சொல் இருக்கிறது என்பதைவிட நம் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான். போனைத் திருப்புவது, அழிப்பது, பெண் பெயரை ஆண் பெயராகப் பதிந்துவைப்பது, ஆப்பை எடுப்பதும் போடுவதுமாக இருப்பது. அவர் அந்த ஆப்பை மூன்று தடவை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார். மனசாட்சி உறுத்தியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இந்தக் கோலக் கதையை அவரிடம் சொன்னேன். எனக்கு ஏதோ பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். சொன்னதும் அவர் முகத்தில் வந்த வலியைப் பார்த்து எனக்கு ஒரு துளி சந்தோஷம் இருந்தது.

ஆப்பை எடுப்பது பற்றி ஒன்று. போனிலிருந்து ஆப்பை நீக்கினால் கணக்கு போகாது. கணக்கு அங்கேயே இருக்கும், “உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்” என்று எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருக்கும், ஒரு பலவீனமான ராத்திரியில் பழைய நம்பரைப் போட்டால் பழைய பேச்செல்லாம் திரும்ப வந்து நிற்கும். முதலில் ஆப்புக்குள் போய்க் கணக்கை அழிக்க வேண்டும், பிறகுதான் ஆப்பை நீக்க வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தையும் பார்த்துவிடுங்கள், மாசாமாசம் எடுக்கிற மாதிரி ஏதாவது அனுமதி கொடுத்திருந்தால் அங்கே ரத்து செய்யலாம். எங்களுடையதில் மாசம் 149 ரூபாய்க்கு ஒன்று இருந்தது, முதல் தவணை இன்னும் எடுக்கவில்லை. அவருக்கே தெரியவில்லை, ஏதோ ஆஃபர் என்று அழுத்தியிருக்கிறார். கணக்கை அழிக்கும்போது மீதி 37 காயின் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டது. இரண்டு பேரும் அந்தத் திரையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நான் நாற்பது நாள் அவர் போனைச் சோதித்தேன். பாஸ்வேர்டை அவரே கொடுத்திருந்தார். குளிக்கப் போனால் எடுப்பேன், தூங்கினால் எடுப்பேன். ஒன்றும் கிடைக்காது, அன்றைக்கு மட்டும் நிம்மதி, மறுநாள் திரும்ப நெஞ்சு படபடக்கும். வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் தானாக அழிகிற மாதிரி 24 மணி நேரத்துக்கு வைக்கலாம், சாட்டைப் பூட்டி மறைத்துவைக்கலாம். ஒளிக்க நினைக்கிற ஆளை இப்படிப் பிடிக்கவே முடியாது, ஒளிக்காத ஆளிடம் பிடிக்க ஒன்றும் இல்லை. எனக்கு நாலு கிலோ குறைந்தது, டாலியில் இரண்டு தடவை தப்பு என்ட்ரி போட்டு அபராதம் கட்டினோம். ஒரு நாள் பெண் என்னைப் பார்த்துவிட்டு, “அப்பா போன்ல என்னம்மா தேடுறே?” என்று கேட்டாள். அன்றோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக வைத்துக்கொண்டது வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடன் நோட்டோடு உட்காருகிறோம். யார் எவ்வளவு, யாரிடம் கேட்கலாம், யாரை இந்த வருஷம் விட்டுவிடலாம். ஆரம்பத்தில் அவர் பாதிப் பெயரைத் தாண்டிப் போவார், நான் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் கொண்டுவருவேன். மாசி, பங்குனியில் கொஞ்சம் வந்தது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் இன்னும் நிற்கிறது. பேட்டரி சித்திரையில்தான் மாற்றினோம். முன்பின் தெரியாதவர்களிடம் பேசவே கூடாது என்று ஏதும் சட்டம் போடவில்லை, அது நிற்காது. கல்யாணம் ஆகவில்லை என்று சொல்வதில்லை, பேசினதை அழிப்பதில்லை, காசு கொடுத்துப் பேசுவதில்லை, வீட்டுக்குச் சொல்லாத கஷ்டத்தை முதலில் வெளியில் சொல்வதில்லை. இந்த நாலுதான். எனக்கும் சேர்த்து.

ஆறிவிட்டதா என்று கேட்டால், ராத்திரியில் அவர் போன் ஒளிர்ந்தால் எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. பெரும்பாலும் உரக் கம்பெனி ஆஃபர் மெசேஜாக இருக்கும். மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்த வாரம், நோட்டைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் பதினெட்டாயிரம் என்று இருந்தது, பெயர் எனக்குப் புதுசு. “இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே?” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அவகிட்டயும் சொல்லல” என்றார். இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.